எலக்ட்ரானின் அலைநீளம் ஒளியைவிட 2 லட்சம் மடங்கு சிறியது, மைக்ராஸ்கோப் மட்டும் ஏன் 2 லட்சம் மடங்கு கூர்மையாக இல்லை?

எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் இரண்டே வரியில் முடித்துவிடுவார்கள். ஒளியின் அலைநீளம் பெரியது, அதனால் சின்னப் பொருள் தெரியாது. எலக்ட்ரானின் அலைநீளம் ரொம்பச் சின்னது, அதனால் அணுவே தெரிகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எண்களை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தக் கதை பொருந்தாது.

பச்சை ஒளியின் அலைநீளம் சுமார் 550 நானோமீட்டர். 2,00,000 வோல்ட்டில் ஓடவிட்ட எலக்ட்ரானின் அலைநீளம் 0.00251 நானோமீட்டர், அதாவது 2.51 பிக்கோமீட்டர். (1 நானோமீட்டரில் 1000 பிக்கோமீட்டர்.) இரண்டுக்கும் நடுவே 2 லட்சம் மடங்குக்கு மேல் வித்தியாசம். சரி, பலன் எவ்வளவு? நல்ல ஒளி மைக்ராஸ்கோப் ஒன்று சுமார் 200 நானோமீட்டர் இடைவெளியில் இருக்கிற இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகக் காட்டும். பல பத்தாண்டுகள் ஆய்வகங்களில் ஓடிய நல்ல 200 கிலோவோல்ட் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் ஒன்று 0.24 நானோமீட்டர் வரை காட்டும். கிடைத்த லாபம் சுமார் 830 மடங்குதான். அலைநீளத்தில் 2 லட்சம் மடங்கு முன்னேறிவிட்டு, படத்தில் ஆயிரம்கூடத் தேறவில்லை என்றால் மிச்சம் எங்கே போயிற்று?

## முதலில், அலைநீளம் ஏன் குறுக்கே வருகிறது

ஒரு குளத்தில் நீண்ட, தாராளமான அலைகள் வந்துகொண்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு மூங்கில் கழி நட்டிருக்கிறது. அலை அந்தக் கழியைத் தாண்டிப் போய்விடும். அந்தப் பக்கக் கரையில் நின்று அலையை மட்டும் பார்க்கிறவருக்கு நடுவில் கழி இருந்ததே தெரியாது. ஒரு படகு நின்றிருந்தால் தெரியும், அதன் பின்னால் அலை கலைந்து வரும். ஒரு கழிக்குப் பக்கத்திலேயே இன்னொரு கழியை நட்டால்? இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி அலையின் நீளத்தைவிட மிகக் குறைவு என்றால், கரைக்கு வருகிற அலையை வைத்து ஒரு கழியா இரண்டு கழியா என்று சொல்லவே முடியாது.

மைக்ராஸ்கோப்பின் கூர்மையை அளப்பதும் இந்த இரண்டாவது கேள்வியை வைத்துத்தான். எவ்வளவு நெருக்கமான இரண்டு புள்ளிகளை இரண்டாகவே காட்ட முடிகிறதோ அந்தக் குறைந்தபட்ச இடைவெளிக்குப் பெயர் பிரிதிறன். இதை உருப்பெருக்கத்தோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஏற்கெனவே ஒட்டிப்போன இரண்டு புள்ளிகளைப் பத்து லட்சம் மடங்கு பெரிதாக்கினாலும் பத்து லட்சம் மடங்கு பெரிய ஒரே திட்டுதான் கிடைக்கும்.

குளத்தை இத்தோடு விட்டுவிடலாம். மைக்ராஸ்கோப்பில் உண்மையில் நடப்பதைச் சொல்ல அது போதாது. அங்கே நடப்பது இது: அலை ஒரு நுண்ணிய அமைப்பின் மேல் பட்டதும் நேராகப் போவது மட்டுமல்லாமல் பக்கவாட்டிலும் வளைந்து விரிகிறது. இதற்கு விளிம்பு விளைவு என்று பெயர். சம இடைவெளியில் கோடுகள் உள்ள ஒரு பொருள், கோடுகளுக்கு நடுவே d இடைவெளி, அலையின் நீளம் λ என்றால், முதல் வளைந்த கற்றை போகும் கோணம் இப்படி இருக்கும்:

```
sin θ = λ / d
```

இந்த ஒரு வரியை மட்டும் கையில் வைத்துக்கொண்டால் போதும், கட்டுரை முழுக்க இதுதான் வரப்போகிறது. d சிறியதாகச் சிறியதாக, கோணம் பெரிதாகிறது. அதாவது, பொருளில் உள்ள தடித்த விவரங்கள் சின்னக் கோணத்தில் வளைந்து லென்ஸுக்குள் சுலபமாக நுழைந்துவிடும். நுண்ணிய விவரங்களைச் சுமக்கும் கற்றைகள் அகலமாக விலகிப் போகும். லென்ஸ் அந்தக் கற்றையைப் பிடிக்காவிட்டால் அந்த விவரம் படத்தில் இருக்காது. மங்கலாக இருக்கிறது என்று பிறகு கூர்மைப்படுத்திக் கொண்டுவரவும் முடியாது, ஏனென்றால் அது லென்ஸுக்குள்ளேயே வரவில்லை.

1873-இல் ஜெர்மனியின் யேனா நகரில் எர்ன்ஸ்ட் ஆபே சொன்னதன் சாரம் இதுதான். லென்ஸ் பிடிக்கிற பாதிக் கோணத்தை α என்று வைத்துக்கொண்டால், ஒளியைச் சாய்வாகவும் அனுப்பிப் பார்க்கும்போது கிடைக்கிற எல்லை λ / (2n sin α). இதில் n என்பது பொருளுக்கும் லென்ஸுக்கும் நடுவில் இருக்கிற ஊடகத்தின் ஒளிவிலகல் எண். எண்ணெய் விட்டால் சுமார் 1.5. ஒளி லென்ஸ் செய்கிறவர்கள் பெரிய கெட்டிக்காரர்கள், α-வை 67 டிகிரி வரை கொண்டுபோய்விட்டார்கள். அப்போது n sin α சுமார் 1.4 ஆகிறது, 550 நானோமீட்டரை 2.8-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 200 நானோமீட்டர். கோணத்தை 90 டிகிரிக்கு மேல் கொண்டுபோக முடியாது என்பதால் இந்த வழியில் இதற்கு மேல் பெரிதாக எதுவும் மிச்சமில்லை, அலைநீளத்தைத்தான் குறைக்க வேண்டும்.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: நுண்ணிய விவரம் என்றால் அகலமான கோணம், அந்தக் கோணத்தை லென்ஸ் பிடித்தால்தான் விவரம் தெரியும், அலைநீளம் குறைந்தால் அதே விவரத்துக்கு வேண்டிய கோணமும் குறையும்.

## வோல்ட்டிலிருந்து அலைநீளத்துக்கு

எலக்ட்ரானுக்கு அலைநீளம் உண்டு என்று 1924-இல் சொன்னவர் லூயி டி ப்ராய். அவருடைய சூத்திரம் λ = h/p. இதில் h பிளாங்க் மாறிலி, p என்பது உந்தம், அதாவது நிறையை வேகத்தால் பெருக்கியது. வேகமாக ஓடும் எலக்ட்ரானுக்கு உந்தம் அதிகம், எனவே அலைநீளம் குறைவு.

இங்கே ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. எலக்ட்ரான் ரொம்பச் சின்னத் துகள், அதனால் சின்னச் சின்ன இடத்திலெல்லாம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறது என்று. அதன் பருமனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அலைநீளம் எலக்ட்ரானோடு ஒட்டிப் பிறந்த நிலையான அளவும் கிடையாது. நாம் அதை எவ்வளவு வேகமாக ஓடவிடுகிறோம் என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது, அந்த வேகம் நம் கையில் இருக்கிறது.

எப்படி ஓடவிடுவது? இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே மின்னழுத்த வேறுபாடு V கொடுத்தால், எதிர்மின் பக்கத்தில் விட்ட எலக்ட்ரான் நேர்மின் பக்கம் இழுக்கப்பட்டு வேகம் பிடிக்கும். அது பெறும் ஆற்றல் eV. இதில் e என்பது எலக்ட்ரானின் மின்னூட்டம். இந்த ஆற்றல் முழுக்க இயக்க ஆற்றலாக மாறுகிறது என்பதால் p²/2m = eV. இதிலிருந்து p-யை எடுத்து டி ப்ராய் சூத்திரத்தில் போட்டால்:

```
λ = h / √(2meV) = 1.227 / √V   (நானோமீட்டர், V வோல்ட்டில்)
```

பிளஸ் டூ இயற்பியலில் 12.27/√V ஆங்ஸ்ட்ராம் என்று மனப்பாடம் செய்வது இதையேதான். 100 வோல்ட் போட்டால் 0.1227 நானோமீட்டர். நூறு வோல்ட்டிலேயே அணுவின் அளவுக்கு வந்துவிட்டது பாருங்கள்.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை என்பதை 1927-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டேவிசனும் ஜெர்மரும் காட்டினார்கள். நிக்கல் படிகத்தின் மேல் 54 வோல்ட் எலக்ட்ரான்களை விட்டார்கள். எலக்ட்ரான்கள் 50 டிகிரி கோணத்தில் மட்டும் தனியாகக் குவிந்து வந்தன. நிக்கலின் மேற்பரப்பில் அணு வரிசைகளுக்கு நடுவே இருந்த இடைவெளி 0.215 நானோமீட்டர். மேலே சொன்ன sin θ = λ/d-யில் போட்டால் λ = 0.215 × sin 50° = 0.165 நானோமீட்டர். வோல்ட்டிலிருந்து கணக்கிட்டால் 0.167. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இப்போது மைக்ராஸ்கோப்பில் உள்ள 2,00,000 வோல்ட்டுக்கு வருவோம். அதன் வர்க்கமூலம் 447. 1.227-ஐ அதனால் வகுத்தால் 0.00274 நானோமீட்டர், அதாவது 2.74 பிக்கோமீட்டர். ஆனால் நான் ஆரம்பத்தில் 2.51 என்று சொன்னேன். இந்த இடைவெளிக்குக் காரணம் சார்பியல். 200 கிலோவோல்ட்டில் எலக்ட்ரான் ஒளியின் வேகத்தில் சுமார் 70 சதவீதத்தில் ஓடுகிறது, அந்த வேகத்தில் p²/2m என்கிற பழைய கணக்கு செல்லாது. திருத்திய சூத்திரம்:

```
λ = h / √( 2meV (1 + eV / 2mc²) )
```

இதில் c ஒளியின் வேகம். எலக்ட்ரானுக்கு 2mc² என்பது 1022 கிலோ எலக்ட்ரான் வோல்ட். எனவே அடைப்புக்குறிக்குள் 1 + 200/1022 = 1.196, அதன் வர்க்கமூலம் 1.093, 2.74-ஐ அதனால் வகுத்தால் 2.51. சில ஆயிரம் வோல்ட் வரை இந்தத் திருத்தத்தை மறந்துவிடலாம். 100 கிலோவோல்ட்டில் 3.88-க்குப் பதில் 3.70 வரும், அப்போது மறக்க முடியாது.

மாணவர்கள் அடிக்கடி விழும் குழி ஒன்று இங்கே உண்டு. ஆற்றல் தெரிகிறது, அலைநீளம் வேண்டும் என்றதும் λ = hc/E என்று போட்டுவிடுவார்கள். அது ஒளித்துகளுக்கு உரியது. 200 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டை அதில் போட்டால் 6.2 பிக்கோமீட்டர் வரும். அது அதே ஆற்றல் கொண்ட எக்ஸ்-கதிரின் அலைநீளம், எலக்ட்ரானுடையது இல்லை. விடை இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாக வந்தால் இந்தத் தவறைத்தான் முதலில் தேட வேண்டும்.

ஆக, வோல்ட்டைக் கூட்டினால் அலைநீளம் குறையும், ஆனால் V-யின் வர்க்கமூலத்தோடுதான் குறையும். அலைநீளம் பாதியாக வேண்டும் என்றால் வோல்ட்டை ஏறத்தாழ நான்கு மடங்காக்க வேண்டும்.

## ஒரு சிலிக்கான் துண்டை வைத்துப் பார்ப்போம்

மிக மெல்லியதாகத் தேய்த்த சிலிக்கான் படிகம் ஒன்றை மைக்ராஸ்கோப்பில் வைக்கிறோம். படிகத்தைச் சரியான திசையில் திருப்பினால் அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தூண் தூணாக நிற்கும், நாம் அந்தத் தூண்களை மேலிருந்து பார்ப்போம். இந்தத் திசையில் சிலிக்கான் தூண்கள் ஜோடி ஜோடியாக இருக்கும். ஒரு ஜோடியில் உள்ள இரண்டு தூண்களுக்கு நடுவே 0.136 நானோமீட்டர். இதைத் தவிர, அணுத் தளங்கள் 0.314 நானோமீட்டர் இடைவெளியில் அடுக்கடுக்காக இருக்கும். இந்தத் துறையில் இருக்கிறவர்கள் ஒரு மைக்ராஸ்கோப்பின் யோக்கியதையைப் பார்க்க ரொம்ப காலமாகப் பயன்படுத்துகிற மாதிரி இது.

200 கிலோவோல்ட்டில் வேண்டிய கோணங்களைக் கணக்கிடலாம். 0.314 நானோமீட்டர் தளங்களுக்கு: 2.51-ஐ 314-ஆல் வகுத்தால் 0.008, கோணம் 0.46 டிகிரி. 0.136 நானோமீட்டர் ஜோடிக்கு: 2.51/136 = 0.0185, கோணம் 1.06 டிகிரி.

அவ்வளவுதான் வேண்டும், ஒரே ஒரு டிகிரி! ஒளி லென்ஸ் 67 டிகிரியைப் பிடிக்கிறது. அப்படியிருக்க எலக்ட்ரான் லென்ஸுக்கு ஒரு டிகிரி பிடிப்பது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆனால் 1990-களின் நடுப்பகுதி வரை ஆய்வகங்களில் இருந்த சாதாரண 200 கிலோவோல்ட் மைக்ராஸ்கோப்பில் 0.314 தளங்கள் அழகாகத் தெரியும், ஜோடிகள் மட்டும் பிரியாது. ஒவ்வொரு ஜோடியும் ஒரே திட்டாகத்தான் வரும்.

## குற்றவாளி லென்ஸ்தான்

எலக்ட்ரானை வளைக்கக் கண்ணாடி உதவாது. செப்புக் கம்பிச் சுருளில் மின்சாரம் ஓடவிட்டு, இரும்பால் சூழ்ந்து, நடுவில் வட்டமான காந்தப்புலம் உண்டாக்கி அதையே லென்ஸாகப் பயன்படுத்துகிறார்கள். இந்தக் காந்த லென்ஸில் பிறவிக் குறை ஒன்று உண்டு. நடுவாக வருகிற எலக்ட்ரான்களை ஓர் இடத்தில் குவிக்கும். ஓரமாக வருகிறவற்றை அளவுக்கு மேல் வளைத்து அதற்கு முன்பே குவித்துவிடும். இதற்குக் கோளப் பிறழ்ச்சி என்று பெயர். இதனால் ஒரு புள்ளி புள்ளியாக வராமல் வட்டமாகப் பரவும், அந்தப் பரவல் கோணத்தின் மூன்றாம் அடுக்கோடு கூடும்:

```
பரவல் ≈ Cs × α³
```

Cs என்பது லென்ஸுக்கு லென்ஸ் மாறும் ஓர் எண், நல்ல லென்ஸுக்கு 1 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். மூன்றாம் அடுக்கு என்பதுதான் இங்கே கொல்லும் விஷயம். 0.46 டிகிரியில் (α = 0.008) பரவல் 0.5 நானோமீட்டர். லென்ஸின் குவியத்தைச் சற்றே விலக்கி வைத்து இதில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடலாம், அதனால் தளங்கள் தெரிகின்றன. 1.06 டிகிரியில் (α = 0.0185) பரவல் 6.3 நானோமீட்டர். நாம் பிரிக்க நினைக்கிற ஜோடியின் இடைவெளியைப் போல 45 மடங்குக்கு மேல்! விவரத்தைச் சுமந்த கற்றை லென்ஸுக்குள் வரத்தான் செய்கிறது, ஆனால் தப்பான இடத்தில் போய் விழுகிறது.

எனவே மைக்ராஸ்கோப் இரண்டு பக்கமும் இழுபடுகிறது. துளையைச் சின்னதாக்கிக் கோணத்தைக் குறைத்தால் நுண்ணிய விவரக் கற்றைகள் உள்ளே வராது. பெரிதாக்கினால் பிறழ்ச்சி எல்லாவற்றையும் குழப்பும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நல்ல கோணம் உண்டு, 200 கிலோவோல்ட்டில் Cs 1 மில்லிமீட்டராக இருந்தால் அது சுமார் 0.6 டிகிரி. அந்தக் கோணத்துக்கு உரிய d எவ்வளவு? 2.51-ஐ sin 0.6°-ஆல், அதாவது 0.0105-ஆல் வகுத்தால் சுமார் 240 பிக்கோமீட்டர், 0.24 நானோமீட்டர். ஆரம்பத்தில் சொன்ன எண் இங்கிருந்துதான் வந்தது. 0.314 இந்த எல்லைக்குள் வருகிறது, 0.136 வெளியே நிற்கிறது.

தொலைந்துபோன மடங்குகளின் கணக்கும் இதோடு நேராகிவிடுகிறது. ஒளி லென்ஸ் தன் அலைநீளத்தில் பாதிக்கும் குறைவானதைக்கூடப் பிரித்துக் காட்டுகிறது. எலக்ட்ரான் லென்ஸ் தன் அலைநீளத்தைப் போல கிட்டத்தட்ட 95 மடங்கு பெரியதைத்தான் பிரிக்கிறது. எலக்ட்ரானின் குட்டி அலைநீளம் செய்த உபகாரம் என்னவென்றால், இவ்வளவு மோசமான, அரை டிகிரிக்கு மேல் நம்ப முடியாத லென்ஸை வைத்துக்கொண்டும் அணு அளவுக்குப் பக்கத்தில் வர வைத்தது. வேறு எதற்கும் இப்படி ஒரு லென்ஸை யாரும் கடையில் வாங்க மாட்டார்கள்.

இந்த மைக்ராஸ்கோப்பை உருவாக்கிய எர்ன்ஸ்ட் ரஸ்காவும் மாக்ஸ் நோலும் 1931-இல் பெர்லினில் வேலை தொடங்கியபோது டி ப்ராய் அலை பற்றி அறிந்திருக்கவில்லை. எலக்ட்ரான் துகள் என்பதால் அலைநீளத் தொல்லையே இருக்காது என்பதுதான் அவர்கள் நம்பிக்கை. எலக்ட்ரானுக்கும் அலைநீளம் உண்டு என்று பிறகு கேள்விப்பட்டதும் மிகவும் ஏமாற்றமாக இருந்தது என்றும், கணக்குப் போட்டு அது ஒளியின் அலைநீளத்தைவிட ஒரு லட்சம் மடங்கு அளவுக்குச் சிறியது என்று கண்ட பிறகே நிம்மதி வந்தது என்றும் ரஸ்கா 1986 நோபல் உரையில் சொன்னார். அலைநீளம்தான் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்கு வழிகாட்டியது என்று எல்லோரும் சொல்லும் கதை வரலாற்றில் தலைகீழாக நடந்திருக்கிறது.

## வோல்ட்டை இன்னும் ஏற்றினால் என்ன?

இந்தக் கேள்வி நியாயமானது, பல பத்தாண்டுகள் இதைத்தான் செய்தும் பார்த்தார்கள். 1960-இல் பிரான்சின் துலூஸ் நகரில் காஸ்தோன் துப்புய் பத்து லட்சம் வோல்ட்டைத் தாண்டிய மைக்ராஸ்கோப்பைக் கட்டினார். ஜப்பானின் ஒசாகாவில் 30 லட்சம் வோல்ட் கருவியே இருக்கிறது.

பலன் உண்டு, ஆனால் செலவுக்கு ஏற்றதா என்பதுதான் கேள்வி. 200-லிருந்து 300 கிலோவோல்ட்டுக்குப் போனால் அலைநீளம் 2.51-லிருந்து 1.97 பிக்கோமீட்டராகிறது, 20 சதவீதத்துக்குச் சற்று அதிகமான குறைவு. லென்ஸின் Cs அப்படியே இருந்தால் பிரிதிறன் 0.24-லிருந்து 0.20-க்கு வரும். ஒன்றரை மடங்கு வோல்ட்டுக்கு இவ்வளவுதான். இன்னும் மேலே போனால் மின்காப்பு, எக்ஸ்-கதிர்த் தடுப்பு என்று கருவி கட்டடம் அளவுக்கு வளரும், லென்ஸும் பெரிதாகி Cs-உம் கூடிவிடும்.

இதைவிடப் பெரிய தடை மாதிரிப் பொருளே. வேகமான எலக்ட்ரான் அணுவின் உட்கருவில் மோதினால் அந்த அணுவையே இடத்தைவிட்டுத் தட்டிவிடும். ஒரே அணு கனத்துக்கு விரித்த கார்பன் தாளான கிராபீனில் இது சுமார் 86 கிலோவோல்ட்டிலேயே தொடங்குகிறது. 300 கிலோவோல்ட்டில் கிராபீனைப் பார்க்க உட்கார்ந்தால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாளில் ஓட்டைகள் விழும். அலைநீளம் பிரமாதமாக இருந்து என்ன பயன், பார்க்க வேண்டிய பொருள் அங்கே இருக்க வேண்டாமா?

சுருக்கமாக, பழைய லென்ஸை வைத்துக்கொண்டு அலைநீளத்தை மட்டும் குறைப்பது கொஞ்ச தூரம்தான் கைகொடுக்கும், அதற்குள் பொருள் சேதமாகத் தொடங்கிவிடும்.

## லென்ஸைத் திருத்திய கதை

கண்ணாடி லென்ஸில் இதே பிறழ்ச்சி உண்டு, ஆனால் குவி லென்ஸோடு ஒரு குழி லென்ஸைச் சேர்த்து எதிர்த் திசையில் பிழை செய்ய வைத்துச் சமன் செய்துவிடுவார்கள். 1936-இல் ஓட்டோ ஷெர்சர் என்ற ஜெர்மன் இயற்பியலாளர், காலத்தோடு மாறாத, வட்டச் சமச்சீருள்ள, கற்றையின் வழியில் மின்னூட்டம் எதையும் வைக்காத எந்த எலக்ட்ரான் லென்ஸிலும் இந்தப் பிறழ்ச்சி எப்போதும் ஒரே திசையில்தான் இருக்கும் என்று கணிதமாக நிறுவிவிட்டார். குழி லென்ஸுக்குச் சமமான ஒன்று வட்ட வடிவத்தில் கிடைக்கவே கிடைக்காது.

தப்பிக்கும் வழியும் அந்த நிபந்தனைக்குள்ளேயே இருந்தது: வட்டமாக இல்லாமல் செய். ஆறு காந்த முனைகளைச் சுற்றி அடுக்கிய புலங்களை இரண்டு இடங்களில் வைத்து, நடுவில் சாதாரண லென்ஸ்களைப் போட்டு, ஒன்றின் கோணலை மற்றொன்று நேராக்கும்படி அமைத்தால், மிஞ்சுவது எதிர்த் திசைக் கோளப் பிறழ்ச்சி மட்டும். சொல்வதற்கு ஒரு வரி, செய்து முடிக்க அறுபது வருடம் ஆயிற்று. ஒவ்வொரு முனையும் நுட்பமாக ஒத்துப்போக வேண்டும், மின்னோட்டம் துளியும் ஆடக் கூடாது, கணினி உட்கார்ந்து விடாமல் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும்.

ஹாரால்ட் ரோஸின் வடிவமைப்பை மாக்சிமிலியான் ஹைடர் செய்து முடிக்க, க்னூட் உர்பானும் சேர்ந்து 1998-இல் முடிவை வெளியிட்டார்கள். 200 கிலோவோல்ட் கருவி, திருத்தியை இயக்கும் முன் 0.24 நானோமீட்டர், இயக்கிய பின் 0.14 நானோமீட்டர். சிலிக்கானைப் போலவே ஜோடியாக அணுத்தூண்கள் உள்ள காலியம் ஆர்சனைடில் ஜோடிகள் பிரிந்து தெரிந்தன. வோல்ட் அதேதான், அலைநீளம் அதே 2.51 பிக்கோமீட்டர்தான். மாறியது நம்பிப் பயன்படுத்தக்கூடிய கோணம் மட்டும். கற்றையைப் புள்ளியாகக் குவித்துப் பொருளின் மேல் ஓட்டிப் பார்க்கும் வகை மைக்ராஸ்கோப்புக்கு ஒந்த்ரே கிரிவானெக் இதே காலத்தில் வேறு வகைத் திருத்தியைச் செய்தார். நால்வருக்கும் 2020-இல் காவ்லி பரிசு கிடைத்தது.

கோளப் பிறழ்ச்சி போனால் எல்லாம் போய்விட்டது என்று இல்லை. அடுத்து நிற்பது நிறப்பிறழ்ச்சி: எல்லா எலக்ட்ரான்களும் சரியாக ஒரே ஆற்றலோடு வருவதில்லை, சுமார் 1 எலக்ட்ரான் வோல்ட் கூடக்குறைய இருக்கும். 2 லட்சத்தில் ஒன்று என்பது அலைநீளத்தைக் கணக்கில் கொள்ளும் அளவுக்கு மாற்றாது. ஆனால் லென்ஸின் குவியத்தை சுமார் 5 நானோமீட்டர் முன்பின்னாக நகர்த்தும். அணு அளவில் பார்க்கும்போது அது தெரியும்.

## படத்தை நம்பலாமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது

திரையில் கூர்மையாகத் தெரிகிற எல்லாமே உண்மையில் பிரிந்த விவரம் இல்லை. அணு ஒழுங்கே இல்லாத மெல்லிய கார்பன் படலத்தைப் படமெடுத்து, அந்தப் படத்துக்கு ஃபூரியர் மாற்றம் செய்வது பழைய, நம்பகமான வழி. ஃபூரியர் மாற்றம் என்பது படத்தில் எவ்வளவு தடித்த, எவ்வளவு நுண்ணிய விவரங்கள் எவ்வளவு வலுவாக இருக்கின்றன என்று பிரித்துக் காட்டும் கணக்கு. திரையில் நடுவிலிருந்து வெளியே விரியும் கருப்பு வெள்ளை வளையங்கள் வரும். நடுவில் தடித்த விவரம், வெளியே போகப் போக நுண்ணியது. வளையங்கள் எந்த இடத்தில் மங்கி மறைகின்றனவோ, அதற்கு அப்பால் கருவி எதையும் கொண்டுவரவில்லை என்று பொருள்.

வளையம் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவமாக இருந்தால் லென்ஸ் ஒரு திசையில் அதிகமாகக் குவிக்கிறது, உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும். ஒரு திசையில் மட்டும் வளையங்கள் வெட்டப்பட்டதுபோல் மறைந்தால் மாதிரி அந்தத் திசையில் நகர்ந்துகொண்டிருக்கிறது. லென்ஸை எவ்வளவு திருகினாலும் பயனில்லை, மாதிரி அடங்கும்வரை காத்திருப்பதே வழி. வளையங்களுக்கு நடுவே உள்ள கருப்பு இடங்களும் முக்கியம், அந்த அளவுள்ள விவரம் அந்தக் குவியத்தில் படத்தில் வரவே வராது. அதனால்தான் வேறு வேறு குவியத்தில் பல படங்கள் எடுத்துச் சேர்க்கிறார்கள்.

## வோல்ட்டைக் குறைத்து அதிகம் பார்ப்பது

இப்போது கிராபீனுக்குத் திரும்புவோம். அதில் கார்பன் அணுக்களுக்கு நடுவே 0.142 நானோமீட்டர். அணுவைத் தட்டாமல் பார்க்க 80 கிலோவோல்ட்டுக்கு இறங்க வேண்டும். அங்கே அலைநீளம் 4.18 பிக்கோமீட்டர். Cs 1 மில்லிமீட்டர் உள்ள பழைய லென்ஸ் அந்த அலைநீளத்தில் சுமார் 0.34 நானோமீட்டர்தான் பிரிக்கும், கார்பன் தேன்கூடு தெரியவே தெரியாது. திருத்திய லென்ஸில் 4.18/142 = 0.029, அதாவது 1.7 டிகிரி வரை நம்பிப் பிடிக்க முடிந்தால் போதும். இன்று 80 கிலோவோல்ட்டில் கிராபீனின் ஒவ்வொரு கார்பன் அணுவையும் பார்ப்பது ஆய்வகங்களில் நடக்கிற வேலை. அலைநீளம் கூடியிருக்கிறது, தெரிவதும் கூடியிருக்கிறது.

2018-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு அதே 80 கிலோவோல்ட்டில் லென்ஸையே ஓரளவு ஓரங்கட்டியது. பொருளைத் தாண்டி அகலமாகச் சிதறிப் போகும் எலக்ட்ரான்களை லென்ஸ் கொண்டு படமாக்காமல், அவை விழும் கோலத்தைப் புள்ளிக்குப் புள்ளி பதிவு செய்து, பொருள் எப்படி இருந்தால் இந்தக் கோலம் வரும் என்று கணினியில் பின்னோக்கிக் கணக்கிட்டார்கள். கிடைத்தது 0.039 நானோமீட்டர். அலைநீளத்தைப் போல ஒன்பது மடங்கு, பழைய லென்ஸின் 95 மடங்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2021-இல் அதே குழு 300 கிலோவோல்ட்டில் தடிமனான படிகத்தில் இதைச் செய்தபோது, படத்தில் மிஞ்சியிருந்த மங்கலுக்குப் பெரும்பாலும் காரணம் கருவியும் இல்லை, அலைநீளமும் இல்லை. வெப்பத்தால் அணுக்கள் தங்கள் இடத்திலேயே அதிர்ந்துகொண்டிருந்ததுதான்.